டெல்டாவில் குறும்படம்: பச்சையை அடக்க ஒரு லுக் புக்

திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில் கேமராவை எங்கே வைத்தாலும் ஃப்ரேமில் பாதி பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரே பச்சை இல்லை. நாற்றங்கால் கிளிப்பச்சை. நட்டு ஒரு மாதம் ஆன வயல் கரும்பச்சை. கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கியதும் பச்சைக்குள் மஞ்சள் ஏறுகிறது. பக்கத்து வாழைக்கொல்லை இவை எதிலும் சேராத இன்னொரு பச்சை. வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் எடுத்த ஷாட்டுகளை எடிட்டில் அடுத்தடுத்து வைத்தால், நாலு பேர் எடுத்த நாலு படத்தைச் சேர்த்து ஒட்டியதுபோல் தெரியும். கதை ஒரே நாளில் நடப்பதாக இருந்தால் இன்னும் மோசம்.

டி.ஐ.யில், அதாவது எடிட் முடிந்து நிறம் திருத்தும் கட்டத்தில், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பாதிதான் சரியாகும். மீதிப் பாதி ஷூட்டிங்குக்கு முன்னால் முடிவாக வேண்டியது. அதற்குத்தான் லுக் புக்: படம் எந்த நிறத்தில், எந்த வெளிச்சத்தில் இருக்கும் என்பதைப் படங்களாகவும் குறிப்புகளாகவும் சேர்த்து, குழுவில் எல்லோர் கையிலும் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பக்கம். லுக் புக்கில் சேர்க்க எத்தனையோ இருக்கிறது. இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வயலின் பச்சையையும் மனித முகத்தையும் படம் முழுக்க ஒரே நிலையில் வைத்திருப்பது. பார்க்கிறவர் கண் முதலில் பிடிப்பது இந்த இரண்டின் மாற்றத்தைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு கதை. பத்து நிமிடப் படம். அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட முடிவு செய்திருக்கிறார், சென்னையிலிருந்து மகள் வருகிறாள். காலையில் வரப்பு, அப்புறம் அடுப்படி, மத்தியானம் பம்புசெட் கொட்டகை, சாயங்காலம் திண்ணை, ராத்திரி டீக்கடை. எல்லாம் ஒரே நாள். ஆனால் எல்லோருக்கும் வேலை இருப்பதால் ஷூட்டிங் ஜனவரியில் மூன்று வார இறுதிகள். பொங்கலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.

முதலில் ஒரு வாக்கியம்

படம் தேடத் தொடங்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "சோகமான டோன்" என்பதுபோல் எழுதினால் யாருக்கும் பயன்படாது. காஸ்ட்யூம் பார்ப்பவர் அதை வைத்து எந்தச் சேலையை எடுப்பார்? நிறமும் வெளிச்சமும் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். இந்தக் கதைக்கு இப்படி எழுதலாம்: "பச்சை வாடி மஞ்சளுக்குப் போகிற நிலம், பளிச்சென்று எதுவும் இல்லை, மகளின் சேலையில் மட்டும் ஒரு அடர் சிவப்பு." இதில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. வயல் மஞ்சள் பக்கம் சாயும். பளிச்சிடும் நிறங்களுக்கு இடமில்லை. கண் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

எந்தப் பச்சை என்பதை இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஆர்ட் பார்ப்பவர் மூவரும் உட்கார்ந்து இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. நம் ஊரில் பச்சையை விட்டுவிட்டு மற்ற நிறங்களைத் தீர்மானிப்பதில் பொருளே இல்லை.

ரெஃபரன்ஸை உங்கள் இடத்திலேயே எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் இணையத்தில் பிடித்த ஃப்ரேம்களை நூறு, இருநூறு என்று இறக்கிவைக்கிறார்கள். பனி பெய்கிற நாட்டில், தாழ்ந்து சாய்ந்த வெயிலில் எடுத்த ஒரு ஃப்ரேமின் மென்மை, நம் ஊர் மத்தியான வெயிலில் வரவே வராது. அந்தப் படத்தை ரெஃபரன்ஸாக வைத்துக்கொண்டு பம்புசெட் வாசலில் பன்னிரண்டு மணிக்கு நின்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதனால் லுக் புக்கில் பாதிக்கு மேல் நீங்களே எடுத்த படங்களாக இருக்கட்டும். லொகேஷன் பார்க்கப் போகும்போதே, கதையில் அந்தக் காட்சி எந்த நேரமோ அந்த நேரத்துக்கே போங்கள். தை மாதம் டெல்டாவில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். பனி இருந்தால் எட்டு மணி வரைக்கும் வயல் நீலம் கலந்த சாம்பலாகத்தான் தெரியும். அதே வயல் ஒன்பது மணிக்குக் கண் கூசுகிற பச்சை. எந்த மணிக்கு எந்த நிறம் என்பதை ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று, ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பனி விலகி, வெயில் தாழ்வாக விழுகிற எட்டிலிருந்து ஒன்பது வரைதான் வரப்புக் காட்சிக்கான நேரம் என்று அப்போது தெரிந்துவிடும்.

எடுக்கும்போது இரண்டு விஷயம். ஷூட்டிங்குக்கு எந்த கேமராவோ அதிலேயே எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஃப்ரேம் முழுக்கப் பச்சையாக இருந்தால் ஆட்டோ அதை வெளிச்சத்தின் குறை என்று எடுத்துக்கொண்டு, ஈடுகட்ட மெஜந்தாவைச் சேர்க்கும். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வானம் வந்தவுடன் மறுபடி மாற்றும். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு ஷாட்டில் முகம் இரண்டு நிறமாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பகலில் 5600K என்று நிறுத்திவிடுங்கள். செல்போனில் எடுப்பவர்கள், அதைப் பூட்டிவைக்க வசதி உள்ள ஆப் போட்டுக்கொள்ளலாம். Blackmagic Camera இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டைக் காட்டி, பின்னால் நிறத்தைச் சரிபார்க்க ஒரு படம் எடுத்துவையுங்கள்.

வெளியிலிருந்து எடுத்த படங்களையும் வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றின் கீழும் எதற்காக வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். "ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும், நிறத்தை எடுக்க வேண்டாம்." இந்த வரி இல்லாவிட்டால், ஒளிப்பதிவாளர் அந்தப் படத்தில் நிழலைப் பார்ப்பார், ஆர்ட் பார்ப்பவர் சுவரைப் பார்ப்பார், இயக்குநர் மனதில் வேறொன்று இருக்கும். வரி எழுத வரவில்லை என்றால் அந்தப் படம் அழகாக இருப்பதால் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

ஐந்து நிறமும் ஒரு விலக்குப் பட்டியலும்

நீங்கள் எடுத்த படங்களிலிருந்தே நிறங்களைப் பொறுக்குங்கள். எந்தப் படத் திருத்த மென்பொருளிலும் ஐட்ராப்பர் இருக்கும். அதை வயலின் மேல், சுவரின் மேல், மண்ணின் மேல் வைத்தால் குறியீடு கிடைக்கும். நம் கதைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

```
வாடிய பச்சை   #9A9A4A
மண்            #8B5E3C
சுண்ணாம்பு     #E9E1CC
பனிச் சாம்பல்  #5B6B78
அரக்கு         #6E1F24
```

முதல் இரண்டும்தான் படத்தில் அதிகம் இருக்கும். அடுத்த இரண்டும் துணைக்கு. அரக்கு மகளின் சேலையில் மட்டும். இந்தக் குறியீடுகள் திரையில் அப்படியே வரவேண்டும் என்று யாரும் அளக்கப்போவதில்லை. வெயிலில் நிற்கும் சுவர் ஒரு எண், நிழலில் அதே சுவர் இன்னொரு எண். "வெளிர் பச்சை" என்றால் மூன்று பேர் மூன்று பச்சையை நினைப்பார்கள் என்பதால், பேச்சுக்கு ஒரு அடையாளமாகத்தான் இவை.

என் அனுபவத்தில் இந்தப் பக்கத்தைவிடப் பயனுள்ளது அதற்கு எதிர்ப்பக்கம். எந்த நிறம் ஃப்ரேமுக்குள் வரவே கூடாது என்கிற பட்டியல். லொகேஷன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கண்ணை இழுக்கிற பொருட்களை எல்லாம் எழுதுங்கள். டெல்டாவில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: பிளாஸ்டிக் குடங்கள், கட்சிக் கொடிக்கம்பம், பளபளக்கும் பச்சையிலும் ரோஸிலும் பெயின்ட் அடித்த புது வீடுகள், உரச்சாக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நீலத் தார்ப்பாய்.

தார்ப்பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்திலும் ரோட்டோரத்திலும் கொள்முதல் நிலைய வாசலிலும் நெல் மேல் அதுதான் கிடக்கும். வாடிய மஞ்சள் நடுவே அந்த நீலம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் முதலில் அதுதான் தெரியும். அதற்காக எடுக்கச் சொல்லாதீர்கள். நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் சிக்கல். ஒரு ராத்திரிப் பனிக்குத் திறந்து கிடந்தாலே ஈரம் ஏறிவிடும். நம் ஷாட்டுக்காக ஒருவருடைய ஆறு மாத உழைப்பை நனையவிடக் கூடாது. அவரிடம் கேட்டுக்கொண்டு தார்ப்பாயின் மேலேயே பழைய சணல் சாக்கையோ வைக்கோலையோ பரப்புங்கள். "தாராளமாப் போட்டுக்கங்க தம்பி, போகும்போது எடுத்துடுங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சாக்கும் வைக்கோலும் நம் ஐந்து நிறத்துக்குள் இருப்பவை. எடுத்தும் விடுங்கள்.

வயல் காத்திருக்காது

அடுத்த பக்கத்தில் காட்சி வரிசைப்படி ஒரு நிறப்பட்டை வரையுங்கள். ஒரு காட்சிக்கு ஒரு கட்டம். அந்தக் காட்சியில் அதிகம் தெரியும் நிறத்தை அகலமாகவும் மற்றதைக் குறுகலாகவும் நிரப்புங்கள். வரப்பில் பச்சையும் சாம்பலும், அடுப்படியில் மண்ணும் கரியும், கொட்டகையில் சுண்ணாம்பும் வாசல் வழியே கொஞ்சம் பச்சையும், திண்ணையில் மண்ணும் அரக்கும், டீக்கடையில் இருட்டும் பல்பு மஞ்சளும். ஐந்து கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எந்த இடத்தில் நிறம் சட்டென்று தாவுகிறது என்று தெரியும். இங்கே டீக்கடை தாவுகிறது. திண்ணைக் காட்சியின் கடைசியில் ஒரு குண்டு பல்பை ஏற்றிவைத்தால் அந்தத் தாவல் குறையும். இதைக் காகிதத்தில் கண்டுபிடிக்கச் செலவு இல்லை.

இந்தப் பட்டை இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்கிறது: எதை முதலில் எடுப்பது? வயல் அகலமாகத் தெரிகிற ஷாட்டுகள் எந்தெந்தக் காட்சியில் இருக்கின்றன என்று பட்டையிலேயே குறியுங்கள். வரப்பு, கொட்டகை வாசல், சாயங்காலம் திண்ணையிலிருந்து தெரியும் வயல் என்று மூன்று இருக்கின்றன. இவற்றைக் கதை வரிசையை மறந்துவிட்டு முதல் வார இறுதியிலேயே முடித்துவிட வேண்டும். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மெஷின் இறங்கி ஒரே பகலில் பக்கத்து வயல் வெறும் அறுத்த தாளாகிவிடும். உங்கள் வயல்காரர் உங்களுக்காகத் தள்ளிப்போட்டாலும் பின்னணியில் இருக்கிற பத்து வயலையும் யார் நிறுத்திவைப்பது? மற்ற இரண்டு வார இறுதிகளுக்கு அடுப்படி, கொட்டகைக்குள், டீக்கடை, குளோசப்புகள் என்று வயல் தெரியாதவற்றை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கப்போகிற வயல் எப்போது அறுப்பு என்று நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தேதியை லுக் புக்கிலேயே எழுதிவையுங்கள்.

முகத்தில் ஏறும் பச்சை

ஷூட்டிங்குக்கு முன் ஒரு சாயங்காலம் டெஸ்ட் எடுங்கள். நடிப்பவர்கள், அவர்கள் உடுத்தப்போகும் துணி, காட்சி நடக்கும் சுவர், மூன்றும் ஒரே ஃப்ரேமில். அரக்கு என்று கடையில் வாங்கியது கேமராவில் கத்திரிப்பூ நிறமாகவோ அப்பட்டமான சிவப்பாகவோ தெரியலாம். சின்தெடிக் துணி வெயிலில் மினுங்கி நிறத்தையே காட்டாது. நூல் சேலைதான் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஒரு தரம் துவைத்து உடுத்தினால் இன்னும் நல்லது.

இந்த டெஸ்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வயலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். வரப்பில் நிற்பவரின் தாடைக்குக் கீழே, கழுத்தில், மூக்கின் அடியில் பச்சை ஏறும். வெள்ளை வேட்டியில் இன்னும் நன்றாகத் தெரியும். கண்ணுக்கு அது பழகிப்போவதால் நேரில் பிடிபடாது. கேமராவில் ஒரு ஸ்டில் எடுத்து, அடுப்படியில் எடுத்த ஸ்டில்லோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆள் ஒரு காட்சியில் காய்ச்சல்காரர் மாதிரி இருப்பார்.

அதைக் குறைக்க வழி எளிது. ஃப்ரேமுக்குக் கீழே, நடிப்பவரின் காலடியில், வயல் பக்கமாகக் கறுப்புத் துணி விரியுங்கள். கீழிருந்து வரும் பச்சை பெரும்பாலும் அடங்கிவிடும். முகம் இருட்டானால் எதிர்ப்பக்கத்திலிருந்து தெர்மாகோல் ஷீட்டால் வெள்ளை வெளிச்சத்தைத் திருப்புங்கள். துணிக்குப் பதிலாகத் தார்ப்பாயை விரிக்க வேண்டாம், முகம் நீலமாகும். இதெல்லாம் குளோசப்புக்கும் மிட் ஷாட்டுக்கும்தான் நடக்கும். ஆள் முழுசாக வரப்பில் நடக்கிற வைட் ஷாட்டில் துணி விரிக்க இடமில்லை. அங்கே முகம் சின்னதாக இருப்பதால் பச்சை உறுத்தாது, விட்டுவிடலாம்.

அடுப்படியில் வேறு பிரச்சினை. ஜன்னல் வழியே பகல் வெளிச்சம், மேலே டியூப்லைட், கீழே நெருப்பு. மூன்றுக்கும் மூன்று நிறம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

டெஸ்டில் திருப்தியாக வந்த ஃப்ரேம்களின் நிறத்தைச் சுமாராகத் திருத்தி லுக் புக்கின் முதல் பக்கத்தில் வையுங்கள். இனி அதுதான் மூல ரெஃபரன்ஸ், மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்.

ஷூட்டிங் நாட்களில்

லுக் புக்கை எல்லோர் செல்போனுக்கும் அனுப்புவது தப்பில்லை. ஆனால் ஒருவர் போனில் இரவு நேர மஞ்சள் திரை போட்டிருக்கும், இன்னொருவர் போன் எல்லா நிறத்தையும் கூட்டிக் காட்டும். ஒரே படத்தை ஐந்து விதமாகப் பார்ப்பார்கள். முதல் பக்கத்தை மட்டுமாவது ஒரே கடையில், ஒரே நேரத்தில், பளபளப்பு இல்லாத தாளில் பிரிண்ட் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். பிரிண்டும் நூறு சதவீதம் சரியாக இருக்காதுதான், ஆனால் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இருக்கும். காஸ்ட்யூம், ஆர்ட் வேலைக்கு அது போதும்.

ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் ஒரு ஸ்டில் எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். சாயங்காலம் அன்றைய ஸ்டில்களையும் முந்தைய வார ஸ்டில்களையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே திரையில் அடுக்கிப் பாருங்கள். பெரிதாகப் பார்க்கும்போது நடிப்பு தெரியும், சின்னதாகப் பார்த்தால்தான் நிறம் தெரியும். கூட்டத்தில் ஒட்டாத கட்டம் ஒன்று இருந்தால் உடனே கண்ணில் படும். காரணம் மேகமா, ஒயிட் பேலன்ஸா, யாரோ கொண்டுவந்து வைத்த குடமா என்று அன்றைக்கே தெரிந்தால் மறுநாள் காலை திரும்ப எடுக்க முடியும்.

டி.ஐ.யில்

DaVinci Resolve மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். லுக் புக் முதல் பக்கத்து ஃப்ரேமை டைம்லைனில் ஒரு கிளிப்பாகப் போட்டு, `Color` பக்கத்தில் வியூவர் மேல் ரைட் கிளிக் செய்து `Grab Still` கொடுங்கள். அது கேலரியில் உட்கார்ந்துவிடும். இனி எந்த ஷாட்டில் இருந்தாலும் அதை டபுள் கிளிக் செய்தால் திரை இரண்டாகப் பிரிந்து பக்கத்தில் தெரியும். லாக்கில், அதாவது பின்னால் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதியும் முறையில், எடுத்திருந்தால் முதலில் அதைச் சாதாரண நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். சாம்பல் பூத்த ஃப்ரேமை முடிந்த ஃப்ரேமோடு ஒப்பிட்டால் கண் தப்பாகவே திருத்தும்.

வரிசை முக்கியம். ஒவ்வொரு காட்சியிலும் வைட் ஷாட் ஒன்றை எடுத்து முதலில் ரெஃபரன்ஸுக்குச் சரிசெய்யுங்கள். ஐந்து காட்சிக்கு ஐந்து ஷாட். இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒட்டிய பிறகுதான் மற்ற ஷாட்டுகளை அந்தந்தக் காட்சியின் வைட் ஷாட்டோடு சேர்க்க வேண்டும். முதல் ஷாட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பக்கத்து ஷாட்டுக்குப் பொருத்திக்கொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் துளி விலகி, கடைசிக் காட்சி வேறு எங்கோ போய் நிற்கும்.

முகத்துக்கு, ஃப்ரேமின் நிறங்களை ஒரு வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் `Vectorscope` பாருங்கள். அதன் அமைப்பில் ஸ்கின் டோன் கோடு ஒன்று இருக்கிறது. கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் மனிதத் தோலின் நிறம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும், வெளிச்சமும் அடர்த்தியும்தான் மாறும். வரப்புக் காட்சியில் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளிகள் கோட்டை விட்டு மஞ்சள், பச்சைப் பக்கம் நகர்ந்திருந்தால் வயல் வெளிச்சம் இன்னும் மீதி இருக்கிறது என்று அர்த்தம். கோட்டின் மேல் அச்சாக உட்காரவைக்க வேண்டியதில்லை. அடுப்படியில் நெருப்புக்கு எதிரே இருக்கிற முகம் சிவப்புப் பக்கம் சாய்ந்தால்தான் இயல்பு. எல்லாப் பகல் காட்சியிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி.

வயலுக்கு `Hue Vs Hue` வளைவில் பச்சையைப் பிடித்து மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், `Hue Vs Sat` வளைவில் அதன் அடர்த்தியைக் குறையுங்கள். கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதிகம் போனால் மூன்று அறிகுறி தெரியும்: கதிருக்கும் வானத்துக்கும் நடுவே ஓரங்கள் பிசிறடிக்கும், வாழை இலை காய்ந்ததுபோல் ஆகும், மஞ்சள் பூசிய முகம் மண் நிறமாகும். செல்போனிலோ, 8 பிட்டில் பதியும் கேமராவிலோ எடுத்திருந்தால் பிசிறு சீக்கிரமே வந்துவிடும். இதில் எதைக் கண்டாலும் பாதி தூரம் திரும்பி வாருங்கள். முற்றத் தொடங்கிய ஜனவரி வயலை இன்னும் கொஞ்சம் வாடவைக்க இந்த வளைவு உதவும். நவம்பர் மாதத்துக் கரும்பச்சையை அறுவடை மஞ்சளாக்க எந்த வளைவாலும் ஆகாது. அப்படி ஒரு ஷாட் மாட்டிக்கொண்டால் அதில் வயல் குறைவாகத் தெரியும்படி ஃப்ரேமைச் சற்றுப் பெரிதாக்கிக் கொள்ளலாம், இல்லையென்றால் எடிட்டில் அதை எடுத்துவிடலாம்.

முடித்த படத்தை மறுநாள் காலை, கண் ஓய்ந்த பிறகு, லேப்டாப்பிலும் இரண்டு மூன்று சாதாரண செல்போன்களிலும் டிவியிலும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பச்சை கொஞ்சம் வேறு மாதிரித்தான் தெரியும், அதைத் துரத்த வேண்டாம். வரப்பிலிருந்து அடுப்படிக்கும், கொட்டகையிலிருந்து திண்ணைக்கும் வெட்டுகிற அந்த நாலைந்து இடங்களை மட்டும் எல்லாத் திரையிலும் பாருங்கள். ஒரே வெட்டு எல்லாவற்றிலும் துள்ளினால், அந்த இரண்டு ஷாட்டுக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.